மசாலாக் கடை முதலாளிக்கு ஓர் அனுமதிக் கடிதம்

கேள்வி: “பினாங்கு லிட்டில் இந்தியாவில் மசாலா அரைத்து விற்கும் ஒரு பழைய கடை இருக்கிறது. என் யூடியூப் சேனலுக்காக அதற்குள் படமெடுக்க ஆசை. முதலாளியிடம் நேரில் கேட்டேன். ‘கடிதம் எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம்’ என்றார். சேனலுக்கு இரண்டாயிரம் சந்தாதாரர்கள்கூட இல்லை. கடிதத்தில் என்ன எழுதுவது, யார் பெயருக்கு எழுதுவது, எந்த மொழியில்?”

கடிதம் கேட்கும் முதலாளி பாதி சம்மதித்துவிட்டவர். மறுக்க நினைப்பவர் “பிறகு பார்க்கலாம் தம்பி” என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பிக்கொள்வார். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் ஆவணப்படங்களுக்கும் இடம் பிடித்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும், பினாங்கில் லெபோ பாசார், லெபோ குவீன் பக்கமும் இப்படிப் பல கடிதங்களோடு ஏறி இறங்கியிருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன்; சட்டம் பற்றிக் கீழே சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு முதலாளி எதற்காகக் காகிதம் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் பேசியதை அவர் அன்றிரவு வீட்டில் மனைவியிடமோ அண்ணனிடமோ சொல்ல வேண்டும். “யார் அந்தப் பையன், எத்தனை மணிக்கு வருவான், எதை எடுப்பான்?” என்று அவர்கள் கேட்பார்கள். அவருக்குப் பதில் தெரியாது. அந்த இடத்தில் உங்களுக்குப் பதிலாக நின்று பேசப்போவது அந்தக் காகிதம். ஆகவே சேனலின் பெருமையை அதில் எழுதுவதால் பயனில்லை. சந்தாதாரர் எண்ணிக்கை குறைவாக இருப்பதை எண்ணி நீங்கள் கூசவும் தேவையில்லை. அந்த எண்ணைப் பார்த்து ஒப்புக்கொண்ட முதலாளி ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. எண் பெரிதாக இருந்ததால் பயந்து மறுத்தவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

எழுதுவதற்கு முன் ஒருமுறை கேமரா இல்லாமல் கடைக்குப் போங்கள். கால் கிலோ மல்லித்தூள் வாங்கும் சாக்கில் இருபது நிமிடம் நின்றால் போதும். அரவை இயந்திரம் எங்கே இருக்கிறது, எப்போது ஓடத் தொடங்குகிறது, யார் அதன் அருகில் நிற்கிறார்கள், சுவரில் என்னென்ன மாட்டியிருக்கிறார்கள், வாடிக்கையாளர்கள் எங்கே வரிசை நிற்கிறார்கள், வானொலி பாடுகிறதா என்று பாருங்கள். கடிதத்தின் முக்கால் பங்கு இந்த இருபது நிமிடத்திலிருந்துதான் வரும். இதைச் செய்யாமல் எழுதுகிறவர்கள் “உங்கள் கடையில் படமெடுக்க அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு போய் நிற்கிறார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் எதற்குப் போட்டோம் என்று அவருக்கே தெரியாது.

கடையின் பெயர்ப்பலகையையும் நிமிர்ந்து பாருங்கள். பெரும்பாலும் பதிவு செய்யப்பட்ட பெயரும், பக்கத்திலேயே பதிவு எண்ணும் இருக்கும். ஊரார் கடையை அழைக்கும் பெயர் வேறாக இருக்கலாம். கடிதத்தில் பலகையில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும். உரிமையாளர் பெயருக்கு எழுதுங்கள். அவர் பெயர் தெரியாவிட்டால் கேட்டு எழுதுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கல்லாவில் இருப்பவர்தான் முதலாளி என்று நினைத்துவிடுவது. கோலாலம்பூரில் ஒரு துணிக்கடையில் தம்பி “தாராளமாக எடுங்கள்” என்றார். நாங்கள் மூன்று மணி நேரம் எடுத்தோம். மாலையில் அண்ணன் வந்தார். கடை அவர்கள் இருவர் பேரிலும் இருந்தது. இருவருக்கும் ஓராண்டாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எடுத்தவற்றை எல்லாம் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டு வந்தோம். அன்று தவறு எங்களுடையது. கூட்டுத் தொழிலா என்று கேட்கவே இல்லை. இப்போது நேரில் பேசும்போதே, “கடிதத்தில் உங்கள் பெயர் மட்டும் போதுமா ஐயா, வேறு யாருடைய பெயரும் சேர்க்க வேண்டுமா?” என்று கேட்டுவிடுவேன். சங்கடமில்லாமல் உண்மை வெளியே வந்துவிடும்.

ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பலவற்றில் கடைக்காரர் வாடகைக்கு இருப்பவர். கட்டடம் ஒரு குடும்பத்துக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருக்கும். கடைக்குள் இரண்டு மணி நேரம் கையில் கேமராவோடு நின்று எடுப்பதற்குக் கடையை நடத்துகிறவரின் அனுமதி போதும் என்றுதான் நடைமுறையில் எல்லாரும் நடக்கிறோம். சுவரில் ஆணி அடிப்பது, விளக்குக் கட்டுவது, மாடியில் ஏறுவது என்று போனால் கட்டட உரிமையாளரிடமும் கேட்க வேண்டிவரும். பேரங்காடிக்குள் இருக்கும் கடை என்றால் கதையே வேறு. அங்கே கடைக்காரர் ஒப்புக்கொண்டாலும் பேரங்காடி நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் பாதுகாவலர் நிறுத்திவிடுவார்.

இனி முதலாளியின் தயக்கத்துக்கு வருவோம். மசாலாக் கடைக்காரருக்கு மூன்று அச்சங்கள் உண்டு. எதையும் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். முதலாவது, கலவை. மீன் குழம்புத் தூளில் சோம்பு எத்தனை, வெந்தயம் எத்தனை என்பது சில கடைகளில் மருமகனுக்குக்கூடச் சொல்லப்படாத கணக்கு. தராசின் எண் தெரியும்படி நீங்கள் ஓர் அழகான நெருக்கக் காட்சி எடுத்தால், அது அவருக்குப் பெட்டகத்தைத் திறந்து காட்டியது போல. இரண்டாவது, அதிகாரிகள். உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், தலையை மூடி மேலங்கி அணிந்திருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் எதிர்பார்க்கின்றன. பின்கட்டில் வியர்க்க வியர்க்க மிளகாய் அரைக்கும் ஒருவர் தொப்பியைக் கழற்றி வைத்திருக்கும் அந்த ஒரு நிமிடம் உங்கள் காணொளியில் வந்துவிட்டால், பார்ப்பவர்களில் யாராவது ஒருவர் அதை வெட்டி எடுத்து மாநகர் மன்றத்துக்கு அனுப்புவார். இயந்திரத்தின் பெல்ட்டுக்கு மூடி இல்லாமலிருந்தாலும் அதே கதைதான். மூன்றாவது, ஆட்கள். வேலையாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இருக்கலாம். அவர்கள் அனைவருக்கும் ஆவணங்கள் சரியாக இருந்தாலும், முகம் பொதுவில் வருவதை அவரும் விரும்ப மாட்டார், அவர்களும் விரும்ப மாட்டார்கள். ஆவணம் இருக்கிறதா என்று நீங்கள் விசாரிக்க வேண்டாம். அது உங்கள் வேலையுமில்லை.

இந்த மூன்றையும் அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் எழுதிவிட்டால் கடிதம் வேலை செய்துவிட்டது என்று பொருள். எதை எடுப்பேன் என்பதைவிட எதை எடுக்க மாட்டேன் என்பதைத்தான் அவர் இரண்டு முறை படிப்பார்.

நேரத்தையும் நீங்களே குறிப்பிடுங்கள். “உங்களுக்கு வசதியான நேரத்தில்” என்று எழுதுவது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அது அவர் தலையில் ஒரு வேலையைக் கட்டுவது. தீபாவளிக்கு முந்திய மூன்று நான்கு வாரங்களை மறந்துவிடுங்கள். அப்போது வறுத்த மல்லியும் மிளகாயும் பைகளில் கட்டிக்கொண்டு வீட்டுப் பெண்கள் அரைக்க வந்து நிற்பார்கள். படம் பார்க்க அழகாக இருக்கும், கடைக்காரருக்கு உங்களைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். சாதாரண வாரத்தில் செவ்வாய் அல்லது புதன், காலையில் கடை திறந்து முதல் கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு மணி நேரம். கடைக்காரர் முஸ்லிம் என்றால் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தொடாதீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டியின் குரல் கேட்காது. மிளகாய் அரைபட்டால் பேசுகிறவரும் எடுக்கிறவரும் தும்முவார்கள். எனவே முதல் அரை மணி நேரம் பேட்டி, அதன் பிறகு மல்லி, கடைசியில் மிளகாய் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடிதத்திலும் ஒரு வரியில் சொல்லலாம். கடையின் வேலை உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று அந்த ஒரு வரி காட்டிவிடும்.

இந்தக் கடைக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். மேலே உங்கள் பெயர், முகவரி, கைப்பேசி எண், தேதி. இடப்பக்கம் உரிமையாளர் பெயர், கடையின் பதிவுப் பெயர், முகவரி. பிறகு:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பொருள்: தங்கள் கடைக்குள் காணொளி எடுக்க அனுமதி வேண்டுதல். சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் தங்களை நேரில் சந்தித்துப் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். பினாங்கின் பழைய கடைகளைப் பற்றித் தமிழில் காணொளி வெளியிடும் சிறிய யூடியூப் சேனல் ஒன்றை நடத்தி வருகிறேன். மல்லியும் மிளகாயும் மூட்டையாக வந்து தூளாகப் பொட்டலம் ஆகும் வரை நடக்கும் வேலையைக் காட்டும் ஏறத்தாழ எட்டு நிமிடக் காணொளி ஒன்றைத் தங்கள் கடையில் எடுக்க அனுமதி கேட்கிறேன்.

“படப்பிடிப்பு ஒரே நாளில், புதன்கிழமை காலை 9.30 முதல் 11.30 வரை நடைபெறும். என்னையும் சேர்த்து இரண்டு பேர் வருவோம். ஒரு கேமரா, ஒரு முக்காலி, சட்டையில் பொருத்தும் சிறிய மைக் ஒன்று ஆகியவற்றை மட்டும் கொண்டு வருவோம். கடையின் மின்சாரத்தைப் பயன்படுத்த மாட்டோம். முதல் அரை மணி நேரம் தங்களுடன் பேட்டி. அதன் பிறகே அரவை இயந்திரத்தின் அருகில் எடுப்போம். வாடிக்கையாளர் வரும்போது முக்காலியை நகர்த்தி வழிவிடுவோம்.

“முன்பக்க விற்பனைப் பகுதியிலும் இயந்திரம் இருக்கும் பின்பகுதியிலும் மட்டும் படமெடுப்போம். மாடி, கிடங்கு, கல்லாப்பெட்டி, கண்காணிப்புக் கேமராக்கள், சுவரில் உள்ள உரிமங்கள், சான்றிதழ்கள், பற்று நோட்டு, கலவையின் அளவு, தராசின் எண் ஆகியவை படத்தில் இடம்பெறா. பணியாளர்களில் தாமே சம்மதிப்பவர்களின் முகத்தை மட்டும் காட்டுவோம். மற்றவர்களின் கைகளும் வேலையும் மட்டும் தெரியும். வாடிக்கையாளர்களின் முகத்தை அவர்களைக் கேட்காமல் காட்ட மாட்டோம்.

“காணொளி என் யூடியூப் சேனலில் வெளியாகும். அதன் சிறு பகுதிகள் அதே பெயரில் உள்ள என் மற்றச் சமூக ஊடகப் பக்கங்களிலும் வரலாம். வேறு யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ மாட்டேன். சேனலுக்கு இப்போது விளம்பர வருமானம் இல்லை; பின்னாளில் வரக்கூடும். இதற்காகத் தங்களிடம் கட்டணம் எதுவும் கேட்க மாட்டேன். வெளியிடுவதற்கு மூன்று நாள் முன்னதாகக் காணொளியைத் தங்களுக்குக் காட்டுவேன். கடையைப் பற்றிய தகவலில் பிழை இருந்தாலோ, மேலே சொன்ன எதுவும் தவறிப் படத்தில் வந்திருந்தாலோ திருத்திய பிறகே வெளியிடுவேன். எங்களால் ஏதேனும் பொருள் உடைந்தால் அதன் விலையை ஈடு செய்வேன். அனுமதி அளிப்பதானால் கீழே ஒப்பமிட்டு ஒரு படியைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்.”

அதன் கீழே உங்கள் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு கோடு இழுத்து, “மேற்கண்ட விவரங்களின்படி படமெடுக்க அனுமதிக்கிறேன்” என்ற ஒரு வரி, உரிமையாளர் பெயர், கையெழுத்து, தேதி, கடையின் சாப்புக்கு ஓர் இடம். அந்த வரிக்குப் பக்கத்தில் “மாற்றங்கள்” என்று இரண்டு வெற்றுக் கோடுகளையும் விடுங்கள். “மிளகாய் அரைக்கும்போது எடுக்க வேண்டாம்” என்று அவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்படி எழுதியவர் பிறகு பின்வாங்குவது அரிது. காகிதம் அவருடையதாகவும் ஆகிவிடுகிறது.

இதில் இரண்டு வரிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒன்று, வருமான வரி. அரசாங்கத்துக்குக் கட்டும் வரியைச் சொல்லவில்லை, வருமானத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். யூடியூபில் 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். நீங்கள் சொல்லும் எண்ணிக்கையில் நீங்கள் அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள். இன்று “இது வெறும் பொழுதுபோக்கு” என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் காணொளிக்கு முன்னால் விளம்பரம் ஓடினால், “என் கடையை வைத்துச் சம்பாதித்துவிட்டான்” என்ற பேச்சு அந்தத் தெரு முழுவதும் போகும். முன்பே எழுதிவிட்டால் அது பேச்சே இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே வருமானம் வருகிறது என்றால் அந்த வாக்கியத்தை அப்படியே மாற்றி உண்மையை எழுதுங்கள்.

மற்றொன்று, வெளியிடும் முன் காட்டுவது. எங்கள் தொழிலில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காட்டினால் ஒவ்வொரு காட்சியையும் மாற்றச் சொல்வார்கள் என்பார்கள். செய்தி நிறுவனம் என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஒருவருடைய பிழைப்பிடத்துக்குள் விருந்தாளியாகப் போகும் சிறிய சேனலுக்கு இது வேறு. அதனால்தான் “தங்களுக்குப் பிடிக்காததை நீக்குவேன்” என்று எழுதாமல், தகவல் பிழை, கடிதத்தில் விலக்கியவை என்று எல்லை வைத்தேன். “நான் குண்டாகத் தெரிகிறேன்” என்பது அந்த எல்லைக்குள் வராது. வந்தாலும் அந்தக் காட்சியை நான் மாற்றிக் கொடுத்துவிடுவேன் என்பது வேறு விஷயம்.

சான்றிதழ்களை ஏன் விலக்கினேன் என்று தோன்றலாம். வணிகப் பதிவு, பயிற்சிச் சான்றிதழ் போன்றவற்றில் பலவற்றில் உரிமையாளர் அல்லது பணியாளரின் முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் அச்சாகியிருக்கும். இன்றைய கைப்பேசிக் கேமராவில் எடுத்த காட்சியை நிறுத்தி வைத்துப் பெரிதாக்கினால் அது படிக்கக் கிடைக்கும். உங்கள் அடையாள அட்டை விஷயமும் அப்படித்தான். அவர் கேட்டால் காட்டுங்கள். நகலெடுத்துக் கடிதத்தோடு இணைத்துவிட்டு வர வேண்டியதில்லை.

அந்தக் கையெழுத்து உங்களுக்கு எதைத் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளி தன் இடத்துக்கு அனுமதி தரலாம். தன் வேலையாளின் முகத்துக்கு அவர் அனுமதி தர முடியாது. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது “உன்னை எடுக்கலாமா?” என்று கேட்டால் எந்த வேலையாளும் தலையாட்டத்தான் செய்வார். தேநீர் குடிக்கும் நேரத்தில் தனியாகக் கேளுங்கள். தயங்கினால் கையை மட்டும் எடுங்கள். பார்க்கப்போனால் மசாலாக் கடையில் கைகள்தான் அழகு. கடைக்கு வரும் குழந்தைகளை, அதிலும் பெயர்ப்பட்டை உள்ள பள்ளிச் சீருடையில் வருபவர்களை, பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடியும் அந்தக் கையெழுத்துக்குள் வராது. கடைக்காரர் அங்கே மூட்டை அடுக்கியிருப்பார். அதைப் பார்த்து அது அவருடைய இடம் என்று நினைத்து முக்காலியை விரித்துவிடாதீர்கள். அது மக்கள் நடக்கும் வழி, அதை மறிப்பது மாநகர் மன்றத்தின் கவனத்துக்கு உரியது. கையில் பிடித்தபடி நடந்து எடுப்பதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. விளக்கு, தடுப்பு, கூட்டம் என்று ஆனால் முன்கூட்டியே மன்றத்திடம் எழுதிக் கேட்க வேண்டும்.

பாட்டையும் அவரால் தர முடியாது. கடையில் நாள் முழுவதும் திரைப்பாடல் ஓடும். பேட்டிக்குப் பின்னால் அது மெலிதாகக் கேட்டாலும் யூடியூபின் தானியங்கி முறை கண்டுபிடித்துவிடும். வரும் வருமானம் பாடலின் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளியே சில நாடுகளில் மறைக்கப்படலாம். அந்த இரண்டு மணி நேரமும் வானொலியை நிறுத்தி வைக்க முடியுமா என்று நேரில் கேளுங்கள். கடிதத்தில் எழுத வேண்டாம். அதற்கு முன் உங்கள் பக்கத்துச் சலுகைகளை அவர் படித்திருப்பதால் மறுக்க மாட்டார்.

சட்டத்தைப் பற்றி. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: கடை தனியார் இடம். வாசல் எல்லாருக்கும் திறந்திருப்பது வாங்குவதற்கான அழைப்பு, படமெடுப்பதற்கானது அன்று. முதலாளி போகச் சொன்னால் போக வேண்டும், கையில் கையெழுத்திட்ட கடிதம் இருந்தாலும் அப்படித்தான். அது பணம் கொடுத்துச் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தம் இல்லை. கருணையாகக் கொடுத்த அனுமதி. அதைத் திரும்பப் பெறலாம். கடிதத்தின் பயன், அன்றுவரை நீங்கள் எடுத்தது அவருக்குத் தெரிந்தே நடந்தது என்று காட்டுவதுதான்.

தெளிவில்லாத இடங்கள் இரண்டு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளில் கையாளப்படும் தரவுகளுக்கு உரியது. விளம்பர வருமானம் வரும் ஒரு சிறிய சேனலில் தெரியும் வாடிக்கையாளரின் முகம் அதற்குள் அடங்குமா என்பதில் ஒரே கருத்து இல்லை. அடங்கும் என்று வைத்துக்கொண்டு நடப்பதற்கு உங்களுக்கு ஒரு தாள்தான் செலவு: “இன்று காலை 9.30 முதல் 11.30 வரை இங்கே படப்பிடிப்பு நடக்கிறது, படத்தில் வர விரும்பாதவர்கள் சொல்லுங்கள்” என்று வாசலில் ஒட்டிவிடுங்கள். அந்தச் சட்டம் அறிவிப்புகளை மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்கிறது. நீங்கள் தமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் உரிமம். திரைப்படத் தயாரிப்புக்கு உரிமம் வேண்டும் என்று சொல்லும் சட்டம் 1981இல் வந்தது, யூடியூப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. சமூக ஊடகக் காணொளிகளுக்கும் அது பொருந்தும் என்று 2021 ஜூலையில் அன்றைய அமைச்சர் சொன்னபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தனிப்பட்ட பயனர்களைக் கட்டுப்படுத்தும் நோக்கமில்லை, சட்டம் பழையது என்று உடனே விளக்கமும் வந்தது. உங்களைப் போல இருவர் சேர்ந்து எடுக்கும் காணொளிக்கு உரிமம் கேட்டு யாரும் வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. ஆனால் ஒரு நிறுவனம் பணம் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்னால் அது வேறு வகை வேலை. அப்போது உரிமம் உள்ள தயாரிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து செய்வதுதான் பாதுகாப்பு.

மொழி? அவர் கணக்கு எழுதும் மொழி. லெபோ பாசாரில் அது தமிழாக இருக்க வாய்ப்பு அதிகம். பற்று நோட்டை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நேரில் அண்ணன் என்றோ மாமா என்றோ அழைத்துப் பேசியிருந்தாலும் கடிதத்தில் “ஐயா” இருக்கட்டும். கூடவே அரைப் பக்கத்தில் ஒரு மலாய்ச் சுருக்கத்தைப் பின்னால் இணையுங்கள். படப்பிடிப்பன்று பக்கத்துக் கடைக்காரரோ அமலாக்க அதிகாரியோ வந்து என்ன நடக்கிறது என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் உதவும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக் கொடுப்பது கம்பீரமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பல முதலாளிகள் அதை மகன் வரட்டும் என்று மேசைக்கண்ணாடியின் கீழே வைத்துவிடுவார்கள். அங்கேயே மஞ்சள் படிந்து கிடந்த என் கடிதம் ஒன்றை இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தேன்.

இரண்டு படிகள் எடுத்துக்கொண்டு, படப்பிடிப்புக்குப் பத்து நாள் முன்னதாக நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். உடனே கையெழுத்துக் கேட்காதீர்கள். “வீட்டில் படித்துப் பாருங்கள் ஐயா, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். இடையில் ஒருமுறை வாட்ஸ்அப்பில் நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். அவர் வாட்ஸ்அப்பிலேயே “சரி, வாங்க” என்று பதில் போட்டால் அதையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் முடிந்தவரை காகிதத்தில் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். கைப்பேசியில் சொன்னது எந்தக் காணொளியைப் பற்றி, எந்த நாளைப் பற்றி என்று பிறகு குழப்பம் வரும். பத்து நாளாகியும் அவர் கடிதத்தைத் தொடவில்லை என்றால் அதுதான் பதில். வேறு கடையைப் பாருங்கள், அவரிடம் மல்லித்தூள் வாங்குவதை நிறுத்தாதீர்கள்.

படப்பிடிப்பன்று கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருங்கள். நீண்ட துப்பட்டாவோ தொங்கும் பட்டையோ அணிந்து பெல்ட் ஓடும் இயந்திரத்தின் அருகில் போகாதீர்கள். கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, லென்ஸுக்கு மட்டும் துளை விடுங்கள். மஞ்சள்தூள் பொத்தான் இடுக்குகளில் புகுந்தால் மாதக்கணக்கில் போகாது. 11.25க்கு முக்காலியை மடியுங்கள், நல்ல காட்சி ஒன்று அப்போதுதான் தொடங்கினாலும் சரி. போகும்போது வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் பசைத்தடம் இல்லாமல் உரித்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே தெருவில் இன்னொருவர் கடிதத்தோடு வரும்போது முதலாளி முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.